எட்டேகால் மணிப் பால்

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியில் முதலாளியின் முகத்தைப் பார்க்காமலேயே பத்து வருஷம் வேலை பார்த்தவர்கள் உண்டு. கம்பெனி நர்ஸ் பிரிசில்லா சிஸ்டரிடம் ஒரு திட்டாவது வாங்காதவர்கள் கிடையாது. எண்ணூறு பேர் வேலை செய்கிற இடம், அதில் அறுநூறுக்கு மேல் பெண்கள். தலைவலி என்று போனாலும் திட்டு, தலைவலியை மறைத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாலும் திட்டு. "மாத்திரை குடுக்கறதுக்கு நான் எதுக்கு, பெட்டிக்கடை போதாதா? காலையில இன்னா சாப்ட்ட, அத மொதல்ல சொல்லு" என்று ஆரம்பிப்பார். திட்டி முடித்ததும் தன் டப்பாவிலிருந்து இரண்டு இட்லியை எடுத்து எதிரே வைத்துவிடுவார். அதனால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பிரிசில்லாவுக்கு நாற்பத்தேழு வயது. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்தவர். மகளின் கையாவது சுத்தமாக இருக்கட்டும் என்று கடன் வாங்கி நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். படித்து முடித்து ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம், அப்புறம் இந்தக் கம்பெனியின் முதலுதவி அறை. பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. ஊசி ஏறின விரல், ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாடையில் மயக்கம், மாதவிலக்கு வலி, புருஷன் அடித்த காயம், எல்லாம் அந்தப் பத்துக்குப் பத்து அறைக்குத்தான் வரும். யாருக்கு என்ன என்று ரிஜிஸ்டரைப் பார்க்காமலே சொல்வார். அந்த ஞாபகசக்தியில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, சம்பாதித்த கர்வம்தானே.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் ஒரு பெண் மிஷின்மேலேயே மயங்கி விழுந்தாள். ஊசி விரலில் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. ரத்தம் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் ஏழு. "ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்பு மாத்திரை குடுத்தாங்களே, எங்க?" என்று கேட்டால், "வீட்ல டிரங்குப் பெட்டியில இருக்கு சிஸ்டர்" என்றாள். அன்றைக்குச் சுர்ரென்று ஏறின கோபத்தில் பிரிசில்லா ஒரு முடிவெடுத்தார். நாலரைக்கு எழுந்து சமைத்து, ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிற பெண்களுக்கு மாத்திரை ஞாபகம் வராது. ஆகவே மாத்திரையெல்லாம் தன்னிடம் இருக்க வேண்டும்.

சாம்பிள் ஷூ வருகிற பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி உள்ளே அறை அறையாகத் தடுத்தார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு டோக்கன் நம்பர், ஒரு பெயர். இரும்பு மாத்திரை, பிபி மாத்திரை, சுகர் மாத்திரை, தைராய்டு மாத்திரை, யாருக்கு எது உண்டோ அது அவரவர் அறையில். காலை எட்டேகாலுக்கு எல்லாரும் வரிசையில் வர வேண்டும். சிஸ்டர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். எட்டரைக்கு லைன் ஓடத் தொடங்கிவிடும்.

முதல் வாரமே ஒரு தொல்லை. வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை போட்டவர்களில் பாதிப் பேர் பாத்ரூமில் வாந்தி எடுத்தார்கள். சூப்பர்வைசர்கள் கத்தினார்கள். பிரிசில்லா கேண்டீன்காரரிடம் சண்டை போட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட சூடான பால் ஏற்பாடு செய்தார். 'மாத்திரை சூடு, பாலோடு போட்டால் வயிற்றைக் கடிக்காது' என்று ஊரே நம்புகிற சமாச்சாரம். இரும்பு பாலோடு போட்டால் சற்றுக் குறைவாகத்தான் ஏறும் என்று படித்தது அவருக்கு லேசாக ஞாபகம் இருந்தது. 'வாந்தியில மொத்தமா போறதுக்குக் கொஞ்சம் கம்மியா ஏறினா தேவலை' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வாந்தி நின்றது. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்த அம்மாள் இதைப் பார்த்து அசந்து போய், வரிசையில் பால் குடிக்கும் பெண்களைப் போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். டம்ளரோடு நிற்கிறவர்களுக்குப் பின்னால் பிரிசில்லாவின் முகம் பாதி தெரியும்.

அந்த வரிசையில் தினமும் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ நிற்பவள் அமிர்தவள்ளி. விரிஞ்சிபுரம் பக்கத்து ஊர். முப்பத்து மூன்று வயது, ஸ்டிச்சிங்கில் எட்டு வருஷ சர்வீஸ். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. மூன்று வருஷமாக இரும்பு மாத்திரையோடு தைராய்டு மாத்திரையும். ஐம்பது மைக்ரோகிராமில் ஆரம்பித்து, எழுபத்தைந்தாகி, நூறாகிவிட்டது. போன வருஷம் ஒன்று தங்கி நாலாவது மாசம் கலைந்துபோனது. பத்து நாள் லீவு முடித்து வந்தவள், மறுபடி அதே வரிசையில் நின்று, கையை நீட்டி மாத்திரை வாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் பிரிசில்லாவுக்குத் திட்ட வாய் வரவில்லை.

இந்த ஆடி மாசத்தில் அவள் மறுபடி உண்டானாள். பிரிசில்லாவிடம்தான் முதலில் சொன்னாள், புருஷனிடம்கூட அப்புறம்தான். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க சிஸ்டர்" என்றாள். சிஸ்டர் அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். அவள் சாமி வேறு என்பதெல்லாம் அந்த அறையில் யாருக்கும் ஞாபகம் வராது.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கிறார்கள். ஏழாவது வாரத்தில் ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு குறைகிறபோது டிஎஸ்ஹெச் என்கிற எண் ஏறும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் அது இரண்டரைக்குக் கீழே இருந்தால் நல்லது. அவளுக்கு ஒன்பது புள்ளி எட்டு. டாக்டரம்மா மாத்திரையை நூற்றிருபத்தைந்தாக ஏற்றிவிட்டு, சீட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதி அனுப்பினார்: நோயாளி மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

அந்த ஒரு வரி பிரிசில்லாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் பெட்டியிலிருந்து, தன் கையால், தன் கண்ணெதிரே கொடுக்கிற மாத்திரை. ஒழுங்காக எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்?

மறுநாள் எட்டேகாலுக்கு அமிர்தவள்ளி மாத்திரையைப் போட்டுப் பாலைக் குடித்துவிட்டு நகரப் பார்த்தாள்.

"நில்லு. வாயத் தொற" என்றார் பிரிசில்லா.

"இன்னா சிஸ்டர்?"

"வாயத் தொறன்னேன். நாக்கத் தூக்கு."

பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். அமிர்தவள்ளி வாயைத் திறந்தாள், நாக்கைத் தூக்கினாள். உள்ளே ஒன்றும் இல்லை. "நான் எதுக்கு சிஸ்டர் துப்பப் போறேன், எனக்கு அது வேணாமா?" என்று கேட்டாள். வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிஸ்டர் சிரித்தவளைத் திட்டினாரே தவிர, வாயைத் திறக்கச் சொல்வதை நிறுத்தவில்லை. நாலு வாரம், ஞாயிறு நீங்கலாக, தினமும் அமிர்தவள்ளி வாயைத் திறந்து காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்து, "உங்க ஆளு எதுருக்கப் போடு" என்று சொல்லி, புருஷன் காசிக்கும் போனில் உத்தரவு வேறு. அவனும் அம்மா சூடாகக் கொடுத்த பாலோடு அதைப் போட வைத்தான்.

பதினோராவது வாரம் மறுபடி ரத்தம். பதினொன்று புள்ளி இரண்டு. மாத்திரை ஏறியிருக்கிறது, எண் இறங்க வேண்டாமா? அதுவும் ஏறியிருக்கிறது.

திங்கட்கிழமை அவள் வரும்போதே கண் வீங்கியிருந்தது. காசி நல்லவன்தான். ஆனால் இந்தத் தடவை அவனும் கத்திவிட்டான். அவன் அம்மா சௌந்தரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே வந்து, "இவ உடம்புல எதுவும் தங்காது, அவ்ளோதான்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அமிர்தவள்ளி அழுதுகொண்டே ரிப்போர்ட்டை நீட்டினாள்.

"நீங்கதான சிஸ்டர் பாத்தீங்க? தினம் பாத்தீங்க இல்ல? நான் முழுங்கினேனா இல்லயா, நீங்க சொல்லுங்க."

"முழுங்கின" என்றார் பிரிசில்லா.

இவள் பொய் சொல்லவில்லை. டாக்டரும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் மாத்திரைதான் பொய். போலி மாத்திரையா? சாயங்காலம் அந்த மாத்திரை அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஜாருக்குக் கிளம்பினார். புருஷன் செல்வகுமாருக்கும் மருந்து வாங்க வேண்டியிருந்தது. அவருக்கு மூன்று நாளாக மூத்திரத்தில் எரிச்சல், காய்ச்சல். டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதியிருந்தார்.

மெடிக்கல் ஷாப் சமீருல்லாவுடையது. மருந்தாளுநர் படிப்பை நிஜமாகவே படித்துவிட்டு நிஜமாகவே கடையில் உட்கார்ந்திருக்கிற ஆள். பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி. தைராய்டு அட்டையை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கம்பெனி, பேட்ச் நம்பர், தேதி. இங்கே வாங்கினதுதான் என்று கம்ப்யூட்டரிலும் காட்டினார்.

"ஒரிஜினல் சரக்கு சிஸ்டர். இதுல ஒரு கொறையும் இல்ல."

"அப்ப ஏன் பாய் ஏறல?"

"எனக்கு எப்டித் தெரியும்? டாக்டரத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, செல்வகுமாரின் மருந்தை எடுத்துக் கவரில் போட்டார். கவர்மேல் காலை, இரவு என்று எழுதினார். "அண்ணன்கிட்ட சொல்லுங்க, இதப் போடறப்ப பால், தயிர் வேணாம். கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை எதுனா சாப்பிடறாரா? அதுங்களும் கூடவே ஆகாது. நல்ல இடைவெளி வேணும்."

"ஏன், வயித்தக் கலக்குமா?"

"கலக்கினாத் தேவலையே. பால்ல கால்சியம் இருக்குதில்ல, அது இந்த மருந்தப் புடிச்சு ஒட்டிக்கும். இரும்பும் அப்டித்தான். ஒட்டிக்கிட்டா ரத்தத்துல ஏறாது, வந்த வழியே வெளிய போயிடும். அப்புறம் டாக்டரு மருந்து கேக்கலன்னு வேற எழுதுவாரு. சில மருந்துக்கு இதுக்கு நேர்மாறு. கொழுப்புக்குப் போடற சில மாத்திரை, பிபிக்கு சிலது, அதையெல்லாம் உடம்பு கரைச்சுத் தள்ளினே இருக்கும். பம்பளிமாஸ் பழம் சாப்ட்டா அந்த வேல நின்னுபோயி மருந்து ரத்தத்துல ஜாஸ்தியாயிடும். பழம் தானேன்னு நெனைப்பாங்க, ஆனா பேஜாராயிடும்."

சமீருல்லா பேசிக்கொண்டே போனார். பிரிசில்லாவின் காதில் பம்பளிமாஸ் விழவில்லை. கவுண்டரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாய். தைராய்டு மாத்திரை?"

"அதுவா? அது இதவிட மோசம். அதுக்குப் பாலும் ஆகாது, இரும்பும் ஆகாது, கால்சியமும் ஆகாது. வெறும் வயிறு, வெறும் தண்ணி. முக்கா மணி, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் டீயே குடிக்கணும். இரும்பு, கால்சியம்னா நாலு மணி நேரமாவது தள்ளிப் போடணும்." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எப்டிக் குடுக்கறீங்க சிஸ்டர்?"

பிரிசில்லா மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் படியிறங்கிவிட்டார். கடைப்பையன் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தான்.

ஐயோ, இயேசுவே. தினம் தினம் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையையும், அதே கையில் அந்தச் சிவப்பு இரும்பு மாத்திரையையும் வைத்து, மேலே ஒரு டம்ளர் பாலையும் ஊற்ற வைத்து, அப்புறம் வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று சோதனை வேறு போட்டிருக்கிறார். நாக்குக்கு அடியில் தேடினாரே, வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தாரா? ஆட்டோவில் உட்கார்ந்து அழுதார். தெரியாமல் செய்தது என்று மனசை ஆற்றப் பார்த்தார், ஆறவில்லை. அரைகுறையாகத் தெரிந்து, தேவலை என்று விட்டதும் அதில் இருக்கிறதே.

மறுநாள் ஏழு மணிக்கே கம்பெனிக்கு வந்து பழைய ரிஜிஸ்டர்களை விரித்தார். நாலு வருஷத்தில் ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது. ஆனால் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. தினம் மாத்திரை போட்டும் எட்டிலிருந்து எட்டே முக்காலுக்கு வர ஒரு பெண்ணுக்கு ஐந்து மாசம் ஆகியிருக்கிறது. 'வீட்டுச் சாப்பாடு சரியில்லை' என்று எதிரே தானே எழுதி வைத்திருந்தார். பால் அந்த இரும்பையும் பாதி வழியில் மறித்திருக்கிறது. தைராய்டு மாத்திரைக்காரர்கள் அமிர்தவள்ளியோடு சேர்த்து ஏழு பேர். ஏழு பேருக்குமே வருஷத்துக்கு வருஷம் டோஸ் ஏறியிருக்கிறது.

எட்டு மணிக்கு வேலூர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. "நான்தான் மேடம் குடுத்தேன். இரும்போட, பாலோட" என்றார். டாக்டரம்மா சொன்னார்: நாளையிலிருந்து தைராய்டு மாத்திரை எழுந்தவுடனே தண்ணீரில். டீ ஒரு மணி நேரம் கழித்து. இரும்பு மத்தியானம், கால்சியம் ராத்திரி சாப்பாட்டோடு. டோஸை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். "இவ்ளோ நாள் ஏறாத மருந்து இப்ப முழுசா ஏறும் சிஸ்டர், ஜாஸ்தியாவும் ஆகலாம். நாலு வாரத்துல கண்டிப்பா ரத்தம் பாக்கணும். படபடப்பு வந்தா அதுக்கு முன்னாடியே அனுப்புங்க. மத்த ஆறு பேரும் அவங்கவங்க டாக்டர்கிட்ட போகணும், நீங்களா டோஸ்ல கை வெக்காதீங்க." எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போனை வைக்கிற நேரத்தில் டாக்டரம்மா, "நானும் எப்டிக் குடுக்கறீங்கன்னு கேக்காம, குடுக்கலன்னு எழுதிட்டேன்" என்றார்.

அடுத்து வெல்ஃபேர் ஆபீசர் செந்தில்குமார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது. அடுத்த வாரம் ஆடிட்.

"சிஸ்டர், டைம மட்டும் மாத்திடுங்க. யாரு கேக்கப் போறா? தப்பா குடுத்துட்டோம்னு சொன்னா அப்புறம் எல்லாரும் எல்லாத்துக்கும் நம்ம மேல வருவாங்க. அந்தப் போட்டோ வேற வாசல்ல தொங்குது."

"அந்தப் பொண்ண நாப்பது பேர் எதுர்ல வாயத் தொறக்க வெச்சேன் சார். டைம மாத்தினா அது மாறிடுமா?"

"நான் சொல்றது உங்க நல்லதுக்குத்தான்."

"தெரியும் சார்" என்று எழுந்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் சம்பாதித்ததெல்லாம் அந்த வரிசையில் நிற்கிற பெண்களின் நம்பிக்கை ஒன்றுதான். அதுவும் இன்றோடு போகலாம் என்று பயமாகவே இருந்தது. இருந்தாலும் நேராக வரிசைக்கே போனார்.

எட்டேகால். கேண்டீன்காரர் பால் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பிரிசில்லா பெட்டியைத் திறக்கவில்லை. நாற்காலியை ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"இன்னிக்கு மாத்திரையும் இல்ல, பாலும் இல்ல. எல்லாம் கேளுங்க. தைராய்டு மாத்திரைய இரும்போடயும் பாலோடயும் போட்டா அது உடம்புல சரியா ஏறாது. இத்தன நாளா அப்டித்தான் நான் குடுத்தேன். அமிர்தவள்ளி துப்பல. ஒரு நாளும் துப்பல. நான்தான் தப்பா குடுத்துட்டு, அவள வாயத் தொறக்கச் சொன்னேன்." அவள் பக்கம் திரும்பினார். "என்ன மன்னிச்சிடு அமிர்தா."

அன்றைக்குக் களுக்கென்று சிரித்த பூர்ணிமா தலையைக் குனிந்துகொண்டாள். அமிர்தவள்ளி சிஸ்டரையே பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "இப்ப இன்னா பண்ணணும் சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு அவரவர் தைராய்டு மாத்திரை அவரவர் வீட்டுக்குப் போனது. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வைத்து, கண் விழித்ததும் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் போட வேண்டும் என்று உத்தரவு. இரும்பு மாத்திரைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, இரண்டரை மணி. அந்த நேரத்துக்கு லைனை ஐந்து நிமிஷம் நிறுத்த மாட்டேன் என்ற சூப்பர்வைசரிடம், "ஒருத்தி மயங்கி விழுந்தா எவ்ளோ நேரம் நிறுத்துவீங்க?" என்று ஒரு பிடி பிடித்தார். பாலுக்குப் பதில் எலுமிச்சைத் தண்ணி. புளிப்பு இரும்பை ஏற்றிவிடும். டீயும் இரும்பை மறிக்கும், ஆகவே நாலு மணி டீக்கு முன்னால் யாராவது டீ கேட்டால் தீர்ந்தது கதை. வயிற்றைப் புரட்டுகிற இரண்டு மூன்று பேரை டாக்டரிடம் அனுப்பி வேறு மாத்திரை எழுதி வாங்கினார். பாலை ராத்திரி வீட்டில் குடிக்கச் சொன்னார். ஒரு வாரம் சிலர் அவரிடம் மாத்திரை வாங்க யோசித்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டார்.

அமிர்தவள்ளிக்கு மட்டும் காலை நாலரைக்குப் போன் அடிப்பார். "போட்டியா?" "போட்டேன் சிஸ்டர்." "தண்ணிலதான?" "தண்ணிலதான் சிஸ்டர்." வைத்துவிடுவார். நாலு வாரம், ஞாயிறு உட்பட. அந்த நாலு வாரமும் பிரிசில்லாவுக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் கர்ப்பத்தின் இதே நாலாவது மாசத்தில்தான் அந்தக் குழந்தை போனது. அவள் பாத்ரூமுக்குப் போய் இரண்டு நிமிஷம் கூடுதலாக ஆனால் போதும், சிஸ்டர் வாசலில் போய் நின்றுவிடுவார்.

சனிக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அமிர்தவள்ளி அறைக்குள் வந்து ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தாள். ஒன்று புள்ளி ஒன்பது. பிரிசில்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். ஒன்று புள்ளி ஒன்பதுதான்.

"கொழந்தையோட நெஞ்சுத் துடிப்பு கேட்டியா?"

"கேட்டேன். டப டப டபன்னு அடிக்குது சிஸ்டர், குதிர கணக்கா. அவரு அங்கயே அழுதுட்டாரு."

பிரிசில்லா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அமிர்தவள்ளி சாப்பிடவில்லை. எழுந்தும் போகவில்லை. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர். போன வருஷமும் இதே பால்தான?"

இந்தக் கேள்வி வரும் என்று பிரிசில்லாவுக்குத் தெரியும். நாலு வாரமாக அதற்குப் பயந்துகொண்டுதான் இருந்தார். இல்லை என்று சொல்ல வழியில்லை. பழசை ஏன் கிளற வேண்டும் என்று சொல்லிப் பேச்சை மாற்றலாம், செந்தில்குமார் அப்படித்தான் சொல்லச் சொல்வார்.

"ஆமா. இதே பால்தான்."

"அதனாலதான் போச்சா?"

"தெரியல அமிர்தா. சத்தியமா தெரியல. நாலு மாசத்துல கலையறதுக்கு எவ்ளவோ காரணம் இருக்கு. வேற எதனாலயும் போயிருக்கலாம். ஆனா தைராய்டு கம்மியா இருந்தா அதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அதனால இல்லன்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா பொய்யாயிடும்."

கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று அமிர்தவள்ளிக்கே தெரிந்திருக்காது. வெளியே கை கழுவுகிற பெண்களின் சத்தம் கேட்டது.

"எங்க வூட்டுக்கு ஒரு தடவ வர்றீங்களா சிஸ்டர்?"

"எதுக்கு?"

"இப்ப என்கிட்ட சொன்னீங்க இல்ல, அத எங்க மாமியார்கிட்டயும் அவருகிட்டயும் சொல்லணும். ஒரு வருஷமா என் உடம்புலதான் குத்தம்னு சொல்லினு இருக்காங்க. கேட்டுக் கேட்டு நானே நம்பிட்டேன். நானே என் வயித்தத் திட்டியிருக்கேன் சிஸ்டர்."

சௌந்தரம் வாயிலிருந்து வரப்போகிற வசவெல்லாம் இப்போதே பிரிசில்லாவின் காதில் கேட்டது. ஊரே கூடும். கம்பெனி காதுக்குப் போகும்.

"வர்றேன். ஆனா தெரியலன்றதையும் சேத்துத்தான் சொல்லுவேன். இதனாலதான் போச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது என்னால."

"அது போதும்" என்றாள் அமிர்தவள்ளி. "அங்க எல்லாரும் தெரியும்னுதான் சொல்லினு இருக்காங்க."

பெல் அடித்தது. அவள் எழுந்து, ரிப்போர்ட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம சர்ச் முடிச்சிட்டு வாங்க. விரிஞ்சிபுரம் ஸ்டாப்புல எறங்குங்க. நான் வந்து நிக்கிறேன்."